ஆலஜி என்று முடியும் பலகைகளைப் படிப்பது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு

வெள்ளகோவிலில் இருந்து அப்புச்சியைக் கோயமுத்தூருக்குக் கூட்டி வந்தேன். வலது விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை இறங்கும் வலி. ஊரில் எடுத்த ஸ்கேனில், சிறுநீரகத்தில் இருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் 9 மில்லிமீட்டர் கல் என்று எழுதியிருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வரவேற்பில் போய், "கிட்னி டாக்டரைப் பார்க்கணும்" என்றேன். நெஃப்ராலஜிக்கு டோக்கன் கொடுத்தார்கள். காலை 8 மணிக்கு உட்கார்ந்தோம், உள்ளே போகும்போது 11 மணி. மருத்துவர் ஸ்கேனைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் சரியாக இருப்பதைப் பார்த்தார். "இது யூராலஜி பார்க்க வேண்டியதுங்க" என்று மேல் மாடிக்கு அனுப்பினார். அங்கே மறுபடியும் டோக்கன், மறுபடியும் காத்திருப்பு.

வலியோடு பெஞ்சில் சாய்ந்திருந்த அப்புச்சி கேட்டார்: "ஏங்கண்ணு, ரெண்டும் கிட்னிதானே? அப்புறம் எதுக்கு ரெண்டு பலகை?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு தாராபுரம், காங்கயம், கோபி என்று ஊரில் இருந்து வரும் சொந்தக்காரர்களோடு எத்தனையோ முறை அந்த மாடிப்படிகளை ஏறியாகிவிட்டது. பலகையில் இருக்கும் பெயரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அதற்கு ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து வேர்ச்சொற்கள் தெரிந்தால் போதும்.

முதலில் வாலை வெட்டுங்கள்

'ஆலஜி' என்பது கிரேக்க மொழியில் இருந்து வந்த வால். 'லோகோஸ்' என்றால் சொல், பேச்சு, காரணம். ஒன்றைப் பற்றிக் காரண காரியத்தோடு பேசுவது என்ற பொருளில் அது பெயர்களின் கடைசியில் ஒட்டிக்கொண்டது. நாம் தமிழில் 'இயல்' போடும் இடம். ஆகவே வாலை வெட்டிவிட்டு முன்னால் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். எதைப் பற்றிய படிப்பு என்பது அங்கேதான் இருக்கிறது.

வெட்டும்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புளி, பழம் இரண்டும் சேரும்போது புளியம்பழம் ஆகிறது. நடுவில் வந்த 'அம்' புளிக்கும் சொந்தமில்லை, பழத்துக்கும் சொந்தமில்லை. நம் இலக்கணத்தில் அதைச் சாரியை என்கிறோம். கிரேக்கச் சொற்கள் சேரும்போது அந்த வேலையை 'ஓ' செய்கிறது. அதனால்தான் ஒரே வேர் இடத்துக்கு இடம் வேறு மாதிரி காதில் விழுகிறது. 'காஸ்டர்' என்றால் இரைப்பை. இரைப்பை அழற்சிக்குக் காஸ்ட்ரைட்டிஸ் என்கிறார்கள், அங்கே ஓ இல்லை. காஸ்ட்ரோ என்று தொடங்கும் பெயர்களில் ஓ வந்துவிடுகிறது. வேர் ஒன்றுதான்.

இதை ஒரு நீளமான பலகையில் செய்து பார்க்கலாம். காஸ்ட்ரோஎன்டராலஜி. கடைசியில் ஆலஜியை எடுத்தாயிற்று. மிச்சம் காஸ்ட்ரோ, என்டர். காஸ்ட்ரோ இரைப்பை, 'என்டரான்' என்றால் குடல். இரைப்பையும் குடலும் பார்க்கும் இடம். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், மலத்தில் ரத்தம், நாள்பட்ட வயிற்றுப்போக்கு எல்லாம் இங்கே. சில ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஓட்டோரைனோலாரிங்காலஜி என்று வைத்திருப்பார்கள். படித்தாலே நாக்கு சுளுக்கும். ஓட்டோ காது, ரைனோ மூக்கு, லாரிங்கோ குரல்வளை. மூன்றையும் வரிசையாக எழுதி வாலை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ரைனோ மூக்கு என்று தெரிந்துவிட்டால் காண்டாமிருகத்துக்கு ரைனோசரஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்பதும் புரிந்துவிடும். 'கெராஸ்' என்றால் கொம்பு, மூக்குக் கொம்பன்.

அடுத்து, மாடி மாடியாக வேர்களைப் பழகுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம். அடிக்கடி கண்ணில் படுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

கார்டியாலஜியில் 'கார்டியா' என்றால் இதயம். இதில் குழப்பம் எதுவும் இல்லை. டெர்மடாலஜியில் 'டெர்மா' தோல். கைனகாலஜியில் 'கைனே' பெண், மகளிர் நோய்ப் பிரிவு. ஆப்தல்மாலஜி கண். ஹெப்படாலஜி கல்லீரல், ஹெப்படைட்டிஸ் என்ற மஞ்சள் காமாலைப் பெயரில் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். ஹெமட்டாலஜி ரத்தம், ஹீமோகுளோபினில் இருக்கும் அதே ஹீமோ. நியோனட்டாலஜியில் 'நியோ' புதிது, 'நேட்டஸ்' பிறந்தது. பிறந்து 28 நாள் வரையான பச்சைக் குழந்தைகளைப் பார்க்கும் பிரிவு. பல்மனாலஜி நுரையீரல். இந்த 'பல்மோ' லத்தீன். கிரேக்கத்தில் நுரையீரலுக்கு 'நியூமோன்', நிமோனியா அதில் இருந்து வந்தது.

நியூராலஜி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். கிரேக்கத்தில் 'நியூரான்' என்றால் முதலில் தசைநார், வில்லில் கட்டும் நாண். பிறகுதான் அது உடம்புக்குள் ஓடும் நரம்பைக் குறிக்க வந்தது. நம்முடைய 'நரம்பு' என்ற சொல்லும் அப்படித்தானே? யாழில் கட்டியதும் நரம்பு, கையில் ஓடுவதும் நரம்பு. நியூராலஜி என்றால் நரம்பு என்று சொன்னதும் ஊரில் பலர் கை கால் நரம்பு மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். மூளையும் தண்டுவடமும் அதில் அடக்கம். வலிப்பு, பக்கவாதம், கை நடுக்கம், மறதி எல்லாம் அங்கேதான்.

எண்டோகிரினாலஜி என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். 'எண்டோ' உள்ளே, 'கிரினோ' பிரித்தெடுப்பது. குழாய் வழியாக வெளியே விடாமல் நேராக ரத்தத்துக்குள்ளேயே சுரக்கும் சுரப்பிகளைப் பார்க்கும் பிரிவு. தைராய்டும் சர்க்கரையும் இங்கே வரும். சர்க்கரைக்கு மட்டும் டயபெட்டாலஜி என்று தனிப் பலகை வைப்பவர்களும் உண்டு.

ஆன்காலஜி என்ற பலகையைப் பார்த்ததும் கூட்டி வந்தவர் முகம் மாறிவிடும். 'ஆன்கோஸ்' என்றால் திரண்ட கட்டி, பருமன். புற்றுநோய்ப் பிரிவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதற்குள்ளேயே மூன்று கதவு இருக்கும்: மருந்து கொடுப்பவர்கள், அறுவை செய்பவர்கள், கதிர்வீச்சு கொடுப்பவர்கள். கதிர்வீச்சுக் கதவையும் ரேடியாலஜியையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். 'ரேடியஸ்' என்றால் கதிர் என்பது சரிதான். ஆனால் ரேடியாலஜி என்று தனியாக இருந்தால் அது எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்துப் படித்துச் சொல்லும் இடம். பெரும்பாலும் இன்னொரு மருத்துவர் எழுதிய சீட்டோடுதான் அங்கே போக வேண்டியிருக்கும். ரேடியாலஜிக்குப் போகச் சொன்னார்கள் என்று வீட்டில் அழுதுகொண்டிருந்த ஒரு பெரியம்மாவை எனக்குத் தெரியும். எடுக்க வேண்டியிருந்தது ஒரு சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று நெஞ்சு அழுத்துவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை தூக்க முடியாமல் போவது, இவற்றுக்கெல்லாம் பலகையைத் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது. நேராக அவசரப் பிரிவுதான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

ஒரே உறுப்பு, இரண்டு பலகை

இப்போது அப்புச்சியின் கேள்விக்கு வருகிறேன். 'நெஃப்ரோஸ்' என்றால் சிறுநீரகம் என்ற உறுப்பு. 'யூரான்' என்றால் சிறுநீர். நெஃப்ராலஜி பார்ப்பது அந்த வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை. கிரியேட்டினின் ஏறுவது, சிறுநீரில் புரதம் போவது, சர்க்கரையால் சிறுநீரகம் கெடுவது, டயாலிசிஸ், இவையெல்லாம் அதன் வேலை. யூராலஜி பார்ப்பது சிறுநீர் போகும் வழியை. குழாயில் கல், பையில் அடைப்பு, வயதான ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவது. யூராலஜிக்காரர்கள் அறுவை செய்பவர்கள், நெஃப்ராலஜிக்காரர்கள் மருந்தால் பார்ப்பவர்கள்.

நம் ஊர்க்காரருக்குச் சொல்வதென்றால், தோட்டத்தில் மோட்டார் கெட்டால் ஒரு ஆள், பைப்பில் அடைப்பு என்றால் வேறு ஆள். அப்புச்சிக்கு மோட்டார் நன்றாக ஓடியது, பைப்பில்தான் கல். கல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும் என்று காத்திருப்பார்கள். 9 மில்லிமீட்டர் தானாக இறங்குவது கஷ்டம். யூராலஜியில் சிறுநீர் வழியாகவே ஒரு மெல்லிய குழாயை விட்டு லேசரால் கல்லை உடைத்து எடுத்தார்கள்.

ஆனால் இதிலும் ஒரு இக்கட்டு உண்டு. அடைப்பு நாள்பட்டால் சிறுநீர் மேலே தேங்கி வடிகட்டியையும் கெடுத்துவிடும். அப்போது கிரியேட்டினின் ஏறும், இரண்டு பலகைக்கும் போக வேண்டி வரும். கல்லோடு குளிர் காய்ச்சலும் வந்தாலோ, சிறுநீர் அறவே நின்றாலோ டோக்கனுக்குக் காத்திருக்கக்கூடாது. அதுவும் அவசரப் பிரிவு.

அரசு ஆஸ்பத்திரிகளில் பலகை தமிழில் இருக்கும். நெஃப்ராலஜிக்குச் சிறுநீரகவியல் என்றும் யூராலஜிக்குச் சிறுநீரியல் என்றும் எழுதுவது வழக்கம். நடுவில் வரும் 'அகம்' தான் வித்தியாசம். அவசரத்தில் படிப்பவர் கண்ணில் அது படாது. அகம் இருந்தால் உறுப்பு, அகம் இல்லாவிட்டால் நீர். கிரேக்கச் சொற்களில் இருக்கும் அதே வித்தியாசத்தைத் தமிழிலும் அழகாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், நாம்தான் நின்று படிக்க வேண்டும்.

மூட்டு வலிக்கும் இப்படி இரண்டு வழி. ஒன்று ருமட்டாலஜி, இன்னொன்று ஆர்த்தோபெடிக்ஸ். 'ருமா' என்றால் ஒழுகுவது, பாய்வது. உடம்பில் கெட்ட நீர் ஒன்று மூட்டுக்குள் இறங்குவதால்தான் வலி என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். நம் பக்கம் காற்று என்று நம்பி வாதம் என்றோம். நீரும் இல்லை காற்றும் இல்லை என்பது பிறகு தெரிந்தாலும் இரண்டு பெயரும் நிலைத்துவிட்டன. முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. அதைப் பார்ப்பது ருமட்டாலஜி.

எதற்குப் போவது என்பதை வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி விறைத்து, அரை மணி, ஒரு மணி நேரம் ஆகியும் மடக்க வராமல் இருந்து, வேலை செய்யச் செய்யத் தளர்ந்தால் ருமட்டாலஜி. நடக்க நடக்க வலி கூடி, உட்கார்ந்தால் குறைகிற முழங்கால், விழுந்து அடிபட்ட மூட்டு என்றால் ஆர்த்தோ. என் அத்தை ஒருவர் விரல் வீக்கத்தோடு ரொம்ப நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டும் வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டும் இருந்தார். விரல்கள் கோணிய பிறகுதான் சரியான கதவுக்கு வந்தார். கோணின விரலை மருந்து நேராக்காது, மேலும் கோணாமல் நிறுத்தத்தான் முடியும்.

சைக்காலஜியும் சைக்கியாட்ரியும் மூன்றாவது ஜோடி. 'சைக்கி' என்றால் உயிர், மனம். சைக்காலஜி மனதைப் பற்றிய படிப்பு. சைக்கியாட்ரியின் வாலைப் பாருங்கள், அது ஆலஜி இல்லை. 'யாட்ரோஸ்' என்றால் வைத்தியர். ஆகவே மாத்திரை எழுதித் தருபவர் சைக்கியாட்ரிஸ்ட், அவர் மருத்துவம் படித்தவர். பேச்சின் மூலமும் பயிற்சிகள் மூலமும் உதவுபவர் சைக்காலஜிஸ்ட். குழந்தைப் பிரிவின் பீடியாட்ரிக்ஸ், முதியோர் பிரிவின் ஜெரியாட்ரிக்ஸ் இரண்டிலும் இருப்பது இதே வைத்தியர் வால்தான். எல்லாப் பிரிவும் ஆலஜியில் முடியாது என்பதற்கு இவை போதும்.

லேபில் இருக்கும் ஆலஜிகள்

நோயாளி நேராகப் போகாமல் அவருடைய ரத்தமும் சதையும் மட்டும் போகும் பலகைகள் சில உண்டு. பேத்தாலஜியில் 'பேத்தோஸ்' என்றால் துன்பம், நோய். தமிழில் நோயியல். மைக்ரோபயாலஜி நுண்ணுயிரியல், கிருமியை வளர்த்துப் பார்க்கும் இடம். சிறுநீர் கல்ச்சர் கொடுத்தால் முடிவுக்கு இரண்டு மூன்று நாள் ஆவது யாருடைய சோம்பலாலும் இல்லை, கிருமி வளர அவ்வளவு நேரம் வேண்டும். செராலஜியில் 'சீரம்' என்பது லத்தீன், பால் திரிந்தால் பிரியும் தெளிந்த நீருக்கு அந்தப் பெயர். ரத்தம் உறைந்த பிறகு மேலே நிற்கும் மஞ்சள் தெளிவில் எதிர்ப்புப் பொருட்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது செராலஜி.

சைட்டாலஜி, ஹிஸ்டாலஜி என்ற இரண்டையும் மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இந்தச் சீட்டு கைக்கு வரும்போதுதான் குடும்பம் அதிகமாகக் கலங்குகிறது.

'ஹிஸ்டோஸ்' என்றால் கிரேக்கத்தில் தறி, தறியில் நெய்த துணி. உடம்பின் சதை நெய்தது போல இருப்பதால் அந்தப் பெயரை வைத்தார்கள். நாம் திசு என்று சொல்வதும் டிஷ்யூவில் இருந்து வந்ததுதான், அதன் மூலமும் லத்தீனில் நெய்வது என்ற சொல். டெக்ஸ்டைல் என்பதற்கும் அதே மூலம். சென்னிமலையிலும் சோமனூரிலும் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு ஹிஸ்டாலஜியை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

சைட்டாலஜியில் 'கைட்டோஸ்' என்றால் குழிந்த கலம். செல்லுக்கு அந்தப் பெயர். கட்டிக்குள் மெல்லிய ஊசியைக் குத்திச் சில செல்களை உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்ப்பார்கள். தறிக்காரர் கணக்கில் இது துணியில் இருந்து நாலைந்து இழையை மட்டும் உருவிப் பார்ப்பது. நூல் நல்ல நூலா, கெட்ட நூலா என்று தெரியும். நெசவு எங்கே அறுந்திருக்கிறது, கரை தாண்டிப் போயிருக்கிறதா என்பது இழையைப் பார்த்துத் தெரியாது. அதற்குத் துணியே வேண்டும். பயாப்சி எடுத்து அல்லது கட்டியையே எடுத்து ஹிஸ்டாலஜிக்கு அனுப்புவது அதற்காக.

தைராய்டுக் கட்டியில் இது அப்படியே நடக்கும். ஊசி போட்டு எடுத்த முடிவில் 'ஃபாலிக்குலர் நியோப்ளாசம்' என்று எழுதியிருந்தால் அது புற்றுநோய் என்றும் பொருள் இல்லை, இல்லை என்றும் பொருள் இல்லை. அந்த வகையில் நல்ல கட்டியின் செல்லும் கெட்ட கட்டியின் செல்லும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கெட்டது என்றால் கட்டியைச் சுற்றி இருக்கும் உறையையோ ரத்தக்குழாயையோ துளைத்திருக்கும். அந்தத் துளையை உறையோடு வெட்டிப் பார்த்தால்தான் காண முடியும். "ஊசி போட்டும் கண்டுபிடிக்க முடியலையா, லேபு சரியில்லை" என்று வேறு லேபுக்கு ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். லேபின் குற்றம் இல்லை, சைட்டாலஜியின் எல்லை அது. மருத்துவர் தைராய்டில் கட்டி இருக்கும் பாதியை எடுத்து ஹிஸ்டாலஜிக்கு அனுப்பலாம் என்று சொன்னால் அதற்கு இதுதான் காரணம்.

நாளும் வித்தியாசப்படும். சைட்டாலஜி முடிவு பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்துவிடும். ஹிஸ்டாலஜிக்குச் சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்ற வேண்டும். பல நாள் ஆகும். சாயம் ஏறாத துணியைப் பார்த்து நிறம் சொல்ல முடியாது, தினமும் போன் செய்வதால் அது முந்தாது.

அறிக்கையில் வரும்போது பொருள் மாறும்

டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஸ்கேன் முடிவிலும் இதே வால் வேறு வேலை செய்யும். இங்கே வாலை வெட்டிவிட்டு 'படிப்பு' என்று பொருள் எடுத்தால் ஒன்றும் புரியாது.

ஸ்கேனில் 'நோ சிக்னிஃபிகன்ட் பேத்தாலஜி' என்று இருந்தால், குறிப்பிடும்படியான கோளாறு எதுவும் இல்லை என்று அர்த்தம். பேத்தாலஜி என்ற சொல்லைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம், முன்னால் இருக்கும் 'நோ' வைப் பாருங்கள். ரத்த முடிவில் 'மார்ஃபாலஜி' என்று இருக்கும். 'மார்ஃபே' என்றால் வடிவம், ரத்த அணுக்கள் என்ன வடிவில் தெரிந்தன என்ற குறிப்பு அது. 'ஈட்டியாலஜி' என்று வந்தால் காரணம். 'அன்னோன் ஈட்டியாலஜி' என்று எழுதியிருந்தால் நோய் எதனால் வந்தது என்பது இன்னும் தெரியவில்லை என்று பொருள், புதிதாக ஒரு நோயின் பெயர் இல்லை. இதைக் கேட்டுவிட்டு, ஈட்டியாலஜி டாக்டர் எந்த மாடி என்று விசாரித்த தம்பி ஒருவனை வரவேற்பறையில் பார்த்தேன். அவனை உட்காரவைத்துச் சொன்னபோதுதான் இந்தப் பகுதியையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆலஜி போலவே ஒலித்து, படிப்போடு தொடர்பே இல்லாதவையும் உண்டு. அப்பாலஜி மன்னிப்பு. ஆந்தாலஜி தொகை நூல். 'ஆந்தோஸ்' பூ, அதோடு சேர்ந்திருப்பது பறித்துச் சேர்ப்பது என்ற சொல். பூப்பறித்துத் தொகுத்தது. சங்கப் பாடல்களைத் தொகுத்துத் தொகை என்று பெயர் வைத்த நமக்கு அது அந்நியமாகப் படாது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே

பழகிய பிறகு வேறு பலகைகளும் தானாகப் பிரியத் தொடங்கும். கோயமுத்தூரில் இருந்து ஆனைகட்டிக்குப் போனால் சாலிம் அலி பெயரில் பறவை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்தப் பெயரில் வரும் ஆர்னித்தாலஜியில் 'ஆர்னிஸ்' என்றால் பறவை. நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டி மணிகளும் இரும்பு உருக்கிய உலைகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் எடுத்தார்களே, அது ஆர்க்கியாலஜி. 'ஆர்க்கியோஸ்' பழமை, தமிழில் தொல்லியல். அந்த மணிகள் என்ன கல் என்று பார்ப்பது ஜெமாலஜி. அந்தக் கல் எந்தப் பாறையில் விளைந்தது என்று பார்ப்பது பெட்ராலஜி, 'பெட்ரா' என்றால் பாறை. பெட்ரோல் என்பதும் பாறை எண்ணெய்தான்.

ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடியாகக் கட்டாயம் தேவைப்படுவது வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கும் இரண்டு பலகைகள். என்டமாலஜி, பிளான்ட் பேத்தாலஜி. 'என்டமான்' என்றால் வெட்டு விழுந்தது. பூச்சியின் உடம்பு துண்டு துண்டாக வெட்டினது போல இருப்பதால் அந்தப் பெயர். தமிழில் பூச்சியியல். மற்றது பயிர் நோயியல், பூசணம், பாக்டீரியா, வைரஸ் ஆகியவை வரும் இடம்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் மாமா தோப்பில் தென்னை ஓலை எல்லாம் கரி பூசினது போலக் கறுத்துப் போனது. நோய் என்று முடிவு கட்டிப் பூசணக்கொல்லி வாங்கி அடித்தார். கறுப்பு போகவில்லை. நான் போனபோது ஓலையின் மேல்பக்கம்தான் கறுப்பு. கீழ்மட்டையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தோம். வெள்ளை மெழுகில் சுருள் சுருளாகக் கோலம் போட்டது போல முட்டைகள், தட்டினால் வெள்ளை ஈக்கள் பறந்தன. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ அது. ஈ சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் போன்ற கழிவை விடுகிறது. அது கீழே இருக்கும் ஓலையின் மேல் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. பூசணம் ஓலைக்குள் போகவில்லை, தேன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தால் கறுப்பு துணியோடு வந்துவிட்டது, கீழே ஓலை பச்சையாக இருந்தது. கண்ணுக்குத் தெரிவது பேத்தாலஜி, காரணம் என்டமாலஜி.

பலகை மாறியதும் வைத்தியமும் மாறிவிட்டது. விசைத்தெளிப்பானால் ஓலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் அடிப்பது, மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுவது, ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்ற சின்னக் குளவியைத் தோப்பில் பெருகவிடுவது. கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும்.

மாதிரி எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் கறுத்த ஓலையை மட்டும் கொண்டு போகாதீர்கள். அதற்கு நேர் மேலே இருக்கும் ஓலையில், அடிப்பக்கம் வெள்ளை படிந்த துண்டு ஒன்றையும் சேர்த்து வெட்டுங்கள். இரண்டையும் தனித்தனியாகப் பழைய செய்தித்தாளில் சுற்றுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் வழியிலேயே வியர்த்துப் புதுப் பூசணம் பிடித்துவிடும், அப்புறம் எது தோப்பில் இருந்து வந்தது, எது பையில் வளர்ந்தது என்று அவர்களாலும் சொல்ல முடியாது.